‘கிச்சன்’ என்று படித்தது சரி, மிச்சம் தப்பு: ஒரு ஜப்பானிய லேபிளைப் படித்த விவரம்

ஒரு ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவர் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. வேலைக்காக ஜப்பான் போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. குடியேறிய வீட்டில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில், முன்னால் இருந்தவர் விட்டுப்போன ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருந்திருக்கிறது. அதை அலமாரிக்குள் வைத்தபடியே ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்து அனுப்பிவிட்டுக் கேட்டார்: “அக்கா, இது பாத்திரம் கழுவுற லிக்விட்தானே? இதை வச்சே கழுவிடட்டுமா?”

நான் சில வருஷம் ஜப்பானிய மொழியில் வந்த கையேடுகளை மொழிபெயர்த்திருக்கிறேன். அதனால் இந்த மாதிரிப் படங்கள் எனக்கு அடிக்கடி வரும். பார்த்த மாத்திரத்தில் பதில் சொல்லும் கெட்ட பழக்கமும் அதோடு வந்துவிட்டது.

அந்தப் படத்தில் தெரிந்தது இவ்வளவுதான். மேலே சற்றுச் சின்னதாக キッチン என்று நான்கு எழுத்து. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ハイ என்று தொடங்கும் ஒரு சொல், அதன் மேலேயே ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு மிச்ச எழுத்துகள் வெள்ளையாகக் கரைந்துபோயிருந்தன. ஓரத்தில் ஒரு கோப்பையின் படம். பாட்டிலின் கீழ்ப்பாதியை ஒரு பாலிதீன் பை மறைத்திருந்தது. நான் எழுதிய பதில்: “கிச்சன்னு போட்டிருக்கு. பாத்திரத்துக்கானதுதான் போல.”

அனுப்பி ஒரு நிமிஷம் கழித்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பைக்கு மேலே, லேபிளின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்ட ஒரு சிவப்பு எழுத்து. 危 என்ற எழுத்தின் மேல்பாதி மாதிரி இருந்தது. ‘ஆபத்து’ என்ற சொல்லின் முதல் எழுத்து அது. பாத்திரம் கழுவும் திரவத்தின் முன்பக்கத்தில் அவ்வளவு பெரிதாக ‘ஆபத்து’ என்று யாரும் போடமாட்டார்கள். உடனே அவரை அழைத்து, மூடியைத் திறக்க வேண்டாம் என்று சொன்னேன். “இன்னும் திறக்கலக்கா, ஸ்பான்ஜ் வாங்கத்தான் கிளம்பிட்டிருக்கேன்” என்றார். ஸ்பான்ஜ் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அந்த முதல் பதிலில் எங்கே தப்பு செய்தேன், பிறகு அந்த பாட்டில் என்னவென்று எப்படி உறுதியாயிற்று என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்த எழுத்து

கிழக்காசிய எழுத்து என்று பொதுவாகத் தெரிந்தாலும், அது எந்த மொழி என்று முடிவு செய்யாமல் ஒரு எழுத்தையும் படிக்க முடியாது. வட்டங்களும் நேர்கோடுகளும் கட்டம் கட்டமாக அடுக்கியிருந்தால் அது கொரியம். நெருக்கமான சதுர எழுத்துகள் மட்டுமே இருந்தால் பெரும்பாலும் சீனம். ஜப்பானியத்தில் மூன்று வகை எழுத்து ஒரே வரியில் கலந்து வரும்: நெருக்கமான சீன எழுத்துகள், அவற்றுக்கு ‘கஞ்சி’ என்று பெயர், வளைந்து நெளியும் ‘ஹிராகானா’, கத்தியால் வெட்டினாற்போல் கூராக இருக்கும் ‘கதகானா’. இந்தக் கலப்புதான் அடையாளம். பலர் の என்ற ஒரு சுழி எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு ஜப்பானியம் என்பார்கள். ஆனால் தைவானில் அழகுக்காகவே அந்த எழுத்தைப் பெயர்களுக்கு நடுவில் போட்டுக்கொள்வார்கள். ஒரே ஒரு の வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

படத்தில் இருந்த キッチン கதகானா. வெளிநாட்டுச் சொற்களையும் வியாபாரப் பெயர்களையும் பெரும்பாலும் இதில்தான் எழுதுவார்கள். எழுத்துக்கூட்டினால் கி, ஓர் ஒற்று, சி, ன். நடுவில் இருக்கும் சின்ன ッ தனியாக ஒலிக்காது. அடுத்து வரும் மெய்யை இரட்டிக்கும். நாம் ‘கிச்சன்’ என்று எழுதும்போது ச் போட்டு அழுத்துகிறோமே, அதே வேலை. தமிழ்க் காதுக்கு இது உடனே பிடிபடும். ஆனால் கண்ணுக்கு ஒரு சிக்கல் உண்டு. இதே எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் ‘ட்ஸு’ என்று தனி ஒலியாகிவிடும். இரண்டுக்கும் அளவு மட்டுமே வித்தியாசம். வளைந்த பாட்டிலின் ஓரத்தில், சாய்வாக எடுத்த படத்தில், எது சின்னது எது பெரியது என்று சொல்வது கஷ்டம்.

சரி, கிச்சன் என்று சரியாகவே படித்துவிட்டேன். தப்பு அதற்கு அடுத்த படியில் நடந்தது. அந்தச் சொல்லை ‘இது எதற்கு’ என்ற கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொண்டேன். அது உண்மையில் பொருளின் பெயரில் ஒரு பகுதி. சமையலறையில் பயன்படும் என்று அது சொல்கிறதே தவிர, சமையலறையில் என்ன செய்யும் என்று சொல்லவில்லை. கோப்பைப் படமும் அப்படித்தான். கோப்பையைக் கழுவும் திரவத்திலும் கோப்பை இருக்கும். கோப்பையில் ஏறிய டீக் கறையை வெளுக்கும் ரசாயனத்திலும் கோப்பை இருக்கும்.

திரும்ப எடுக்கச் சொன்ன படங்கள்

தம்பியிடம் பாட்டிலை வெளியே எடுத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு, மேஜை மேல் வைக்கச் சொன்னேன். ஃபிளாஷை அணைத்துவிட்டு, விளக்கு பக்கவாட்டிலிருந்து படும்படி நிறுத்தச் சொன்னேன். பளபளப்பான லேபிளில் ஃபிளாஷ் நேராகப் பட்டு நேராகவே திரும்பி வரும்; எழுத்து இருக்கும் இடமே போய்விடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அது நடக்காது.

அப்புறம், வளைவு. உருளையான பாட்டிலை ஒரே படத்தில் எடுத்தால் நடுப்பகுதி மட்டும்தான் நேராக விழும். இரண்டு ஓரத்திலும் எழுத்துகள் நசுங்கிப்போகும். நசுங்கிய கஞ்சியில் ஒரு கோடு காணாமல் போனாலே வேறு எழுத்தாகிவிடும். அதனால் பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, முன்பக்கத்துக்கு மூன்று படம், பின்பக்கத்துக்கு மூன்று படம், ஒவ்வொன்றிலும் முந்தைய படத்தின் ஓர எழுத்து திரும்ப வரும்படி. பின்பக்கத்தில் கோடு போட்ட ஒரு கட்டம் இருக்கும், அதை மட்டும் சட்டம் நிறைய ஒரு படம். பார்கோடு ஒரு படம்.

கடைசியாக ஒன்று சொன்னேன், அதுதான் மிகவும் உதவியது. படங்களைச் சாதாரணமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பச் சொன்னேன். செய்திச் செயலிகள் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். சுருக்கும்போது முதலில் சாவது சின்னப் புள்ளிகள். ஜப்பானிய எழுத்தில் அந்தப் புள்ளிகளுக்கு என்ன மதிப்பு என்று அடுத்து வருகிறேன்.

பெயர்: நான்கு எழுத்து, இரண்டு புள்ளி

புதிய படத்தில் பெரிய சொல் முழுதாகத் தெரிந்தது: ハイター. எழுத்துக்கூட்டினால் ஹ, இ, ட, அதன் பின் நெடிலுக்கான கோடு. ‘ஹைட்டா’ மாதிரி ஒலிக்கும். ‘ஹைட்டர்’ என்று எடுத்துக்கொள்ளலாம். பிற மொழியில் ‘அர்’ என்று முடியும் சொல்லை ஜப்பானியத்தில் ஒரு நெடிலாக நீட்டி விட்டுவிடுவார்கள்.

ஆனால் முதல் எழுத்தைச் சும்மா விட முடியாது. ハ என்றால் ஹ. அதன் தோளில் இரண்டு சின்னக் கோடு போட்டால் バ, ஒலி ‘ba’ ஆகிவிடும். அங்கேயே ஒரு சின்ன வட்டம் போட்டால் パ, நம் ப. தமிழில் ‘பல்’ என்பதில் புள்ளி போனால் ‘பல’ ஆவது போலத்தான். மங்கலான படத்தில் புள்ளி இல்லையா, இருந்து அழிந்துவிட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. அதே படத்தில் புள்ளி இருக்க வேண்டிய வேறு ஓர் எழுத்தைத் தேடிப் பார்ப்பேன். அங்கே புள்ளி தெளிவாகத் தெரிந்தால், இங்கே தெரியாததற்கு அர்த்தம் இங்கே இல்லை என்பதுதான். பின்பக்கக் கட்டத்தில் ご, ず போன்ற எழுத்துகளின் இரட்டைக் கோடு நன்றாகத் தெரிந்தது. ஆகவே ஹ என்பது ஹதான்.

தெரியாத எழுத்தைத் தேட வேண்டுமென்றால், ஃபோனில் ஜப்பானியக் கையெழுத்து விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு விரலால் வரைந்து பார்க்கலாம். கதகானாவில் இதிலும் கவனம் வேண்டும். ハ வரைந்தால் எட்டு என்ற எண்ணுக்கான கஞ்சி 八 வரும். タ வரைந்தால் மாலை நேரத்தைக் குறிக்கும் 夕 வரும். நீட்டல் கோடு ー, ஒன்று என்ற எண் 一 மாதிரியே இருக்கும். பக்கத்து எழுத்துகள் எந்த வகையோ அதே வகையாகத்தான் இதுவும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

ஒலி வந்துவிட்டது, ஆனால் பெயர் உறுதியாக வேண்டுமானால் எழுத்தைச் சாராத இன்னொரு சாட்சி வேண்டும். லேபிளில் பிறை நிலவு முத்திரை இருந்தது. பின்பக்கம் கட்டத்தின் கடைசி வரியில், பொறுப்பான நிறுவனத்தின் பெயர் வரும் இடத்தில், 花王 என்று இருந்தது. பூ, ராஜா என்ற இரண்டு எழுத்து, உச்சரிப்பு ‘காவோ’. ஜப்பானியத்தில் முகத்துக்கும் காவோ என்றுதான் சொல்லுவார்கள். 1890-ல் முகத்துக்குப் போடும் சோப்பாக விற்க ஆரம்பித்தபோது வைத்த பெயர், எழுத்தில் மட்டும் பூ ராஜா. பிறை நிலவும் அந்தக் காலத்திலிருந்தே அவர்களோடு இருக்கிறது.

மூன்றாவது சாட்சி பார்கோடு. ஜப்பானில் பதிவு செய்த நிறுவனங்களின் எண்கள் 45 அல்லது 49 என்று தொடங்கும். படத்தில் கடைசி எண்கள் மடிப்பில் போய்விட்டன, ஆனால் முதல் ஏழும் தெளிவாக இருந்தன: 4901301. அது காவோ நிறுவனத்தின் எண். இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 49 என்பது அந்த நிறுவனம் எந்த நாட்டு அமைப்பில் பதிவு செய்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். பொருள் எங்கே தயாரானது என்று சொல்லாது. பதின்மூன்று எண்ணும் தெரிந்திருந்தால் தப்பாகப் படித்தோமா என்றும் சோதிக்கலாம்: இடமிருந்து ஒன்று விட்டு ஒன்றாக 1-ஆலும் 3-ஆலும் பெருக்கிக் கூட்டினால், மொத்தம் பத்தின் மடங்காக வர வேண்டும்.

ஆக, பெயர் கிச்சன் ஹைட்டர், நிறுவனம் காவோ. பெயர் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். ஹைட்டர் விஷயத்தில் அது ஆபத்தான நினைப்பு. இதே பெயரில் துணிக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று இருக்கிறது. முன்னால் ‘வைட்’ என்ற சொல் சேர்ந்த ஒன்றும் இருக்கிறது. அது துணிக்கானது, குளோரின் இல்லாமல் ஆக்சிஜனால் வெளுக்கும் வேறு ரசாயனம். பெயருக்கு முன்னால் உள்ள சின்னச் சொல்லைத் தவறவிட்டால் பொருளே மாறிப்போகும்.

எதற்கு: 用 என்ற எழுத்தைத் தேடுவது

ஜப்பானிய லேபிளில் பயனைத் தேடும்போது என் கண் முதலில் போவது 用 என்ற எழுத்துக்கு. ஜன்னல் கம்பி மாதிரி இருக்கும், மங்கலான படத்திலும் பிடிபடும். ‘அதற்கான’ என்று பொருள். அதற்கு முன்னால் என்ன இருக்கிறதோ அதற்கான பொருள். 台所用 என்றால் சமையலறைக்கு, 衣料用 என்றால் துணிக்கு, トイレ用 என்றால் கழிப்பறைக்கு. ‘பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை’ என்ற தலைப்பிலும் இதே எழுத்து வரும், ஆனால் அங்கே சொல்லின் நடுவில் இருக்கும். சொல்லின் வால் மாதிரி ஒட்டி நிற்கும் 用-தான் நமக்கு வேண்டியது.

அந்த எழுத்து நிச்சயமாகக் கிடைக்கும் இடம் பின்பக்கக் கட்டம். வீட்டு உபயோகப் பொருள்களின் தரத்தைக் குறிப்பிடுவதற்கு ஜப்பானில் 1962-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. அதன்படி இந்த வகைப் பொருள்களில் பெயர்வகை, உட்பொருள், திரவத்தின் தன்மை, அளவு போன்றவற்றை எழுத வேண்டும். முன்பக்கம் விளம்பரக்காரர்களுடையது, கட்டம் சட்டத்துடையது. இரண்டும் முரண்படுவது போல் தெரிந்தால் நான் கட்டத்தைத்தான் நம்புவேன்.

தம்பியின் படத்தில் கட்டத்தின் முதல் வரி 品名, அதாவது பொருளின் வகைப்பெயர். எதிரே 台所用漂白剤 என்று இருந்தது. 台所用 சமையலறைக்கான, 漂白剤 வெளுப்பான், நாம் ப்ளீச் என்பது. பாத்திரம் கழுவும் திரவமாக இருந்திருந்தால் இங்கே 洗剤 என்று முடிந்திருக்கும். இந்த இரண்டையும் புதிதாகப் படிப்பவர்கள் மாற்றிப் படிப்பார்கள், காரணமும் இருக்கிறது. இரண்டும் 剤 என்று முடிகின்றன, ‘ரசாயனக் கலவை’ என்கிற மாதிரி ஒரு வால். இரண்டின் முதல் எழுத்திலும் இடப்பக்கம் தண்ணீரைக் குறிக்கும் மூன்று சொட்டு இருக்கிறது. கோடு கோடாகப் பார்க்க முடியாவிட்டால் எண்ணிப் பாருங்கள். கழுவுவது இரண்டெழுத்து, வெளுப்பது மூன்றெழுத்து. நடுவில் நிற்கும் 白 என்ற எளிய எழுத்துக்கு வெண்மை என்று பொருள். எவ்வளவு மங்கலான படத்திலும் அது தெரியும்.

அடுத்து 液性 என்ற வரி, திரவம் அமிலமா காரமா என்று சொல்வது. எதிரே アルカリ性. முதல் நான்கு எழுத்தைக் கூட்டினால் ‘அருகரி’, அதாவது ஆல்கலி. ஜப்பானியத்தில் ல இல்லாததால் ர-வை வைத்தே இரண்டையும் எழுதுவார்கள். பாத்திரம் கழுவும் திரவங்களில் இந்த இடத்தில் பெரும்பாலும் நடுநிலை என்று பொருள்படும் 中性 இருக்கும். சந்தேகமாக இருக்கும்போது இந்த ஒரு வரியைப் பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

உட்பொருள் வரியில் 次亜塩素酸ナトリウム என்று ஒரு நீளமான சொல். சோடியம் ஹைப்போகுளோரைட். இதைப் படிக்க முயல்பவர்கள் கடைசி கதகானாப் பகுதியில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ‘நதொரியுமு’ என்று வரும், அதைச் சோடியத்தோடு இணைக்கத் தோன்றாது. சோடியத்துக்கு ஜப்பானியர்கள் ஜெர்மன் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள்: நாட்ரியம். சோடியத்தின் குறியீடு Na என்பது ஞாபகம் வந்தால் புரிந்துவிடும். பொட்டாசியமும் இப்படித்தான், ‘கரியுமு’ என்று வரும், குறியீடு K.

ஒரே ஒரு な

இப்போது சிவப்பு எழுத்துக்கு வருவோம். முன்பக்கத்தில் முழுதாகத் தெரிந்தது இது:

まぜるな危険

முதல் மூன்று எழுத்து ‘மஸெரு’, கலப்பது. அடுத்த な அதை மறுக்கிறது: கலக்காதே. கடைசி இரண்டு கஞ்சி: ஆபத்து. 1980களின் பிற்பகுதியில் குளோரின் வகைச் சுத்திகரிப்பானும் அமில வகையும் வீட்டில் ஒன்றாகக் கலந்து, வந்த வாயுவால் உயிரிழந்தவர்கள் ஜப்பானில் உண்டு. அதற்குப் பிறகுதான் இந்த எச்சரிக்கை முன்பக்கத்தில் பெரிதாக வந்தது. ஹைப்போகுளோரைட்டில் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு என்றால் இப்படி:

```
NaClO + 2HCl → NaCl + H2O + Cl2
```

இந்த எச்சரிக்கையைப் படிப்பவர் な-வை விட்டுவிட்டால் ‘கலப்பது ஆபத்து’ என்று வரும், அதனால் பெரிய கேடில்லை. இதே எழுத்து பின்பக்கத்தில் செய்யும் வேலைதான் மோசம். அங்கே இரண்டு பட்டியல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் தலைப்பு 使えるもの, மற்றதன் தலைப்பு 使えないもの. பயன்படுத்தக்கூடியவை, பயன்படுத்தக்கூடாதவை. முதல் இரண்டு எழுத்தும் கடைசி இரண்டு எழுத்தும் ஒன்றே. நடுவில் る இருந்தால் கூடும், ない இருந்தால் கூடாது. நமக்கு இது அந்நியமில்லை. ‘பயன்படும்’, ‘பயன்படாத’ என்று நாமும் வினைச்சொல்லின் வாலில்தான் மறுப்பை வைக்கிறோம். சொல்லின் தொடக்கத்தை மட்டும் பார்த்துப் பொருள் சொல்பவர் இரண்டு மொழியிலும் மாட்டிக்கொள்வார்.

கூடாதவை பட்டியலில் உலோகப் பாத்திரம், மெலமைன் தட்டு, அரக்குப் பூசிய கிண்ணம், பட்டு, கம்பளி எல்லாம் இருந்தன. ஸ்டெயின்லெஸ் எஃகுக்கு மட்டும் விலக்கு. இரண்டு தலைப்பையும் மாற்றிப் படித்திருந்தால் தம்பி அலுமினியப் பாத்திரத்தை அதில் ஊறப்போட்டிருப்பார்.

இந்தக் கட்டத்தில் அவர் இன்னொன்று சொன்னார். பாத்திரத்தில் நாற்றம் இருந்தால் கொஞ்சம் வினிகரும் சேர்த்துக் கழுவலாம் என்று நினைத்திருந்தாராம். கவனக்குறிப்பு வரிகளுக்குள் 酢 என்ற எழுத்தைத் தேடச் சொன்னேன். அதுதான் வினிகர். அமிலத்துக்கான 酸 என்ற எழுத்தும் அதுவும் இடப்பக்கம் ஒரே உறுப்பைக் கொண்டவை, பழைய மதுஜாடியின் உருவம். புளித்ததெல்லாம் அந்த ஜாடியிலிருந்து பிறந்தது போல. கண்டுபிடித்துவிட்டார். அமில வகைப் பொருளோடும் வினிகரோடும் கலக்க விடக்கூடாது என்ற வரியில் இரண்டு எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அளவைப் படிப்பது இதற்குப் பிறகு எளிதாக இருந்தது. எண்கள் நம் எண்கள்தான். ஐந்து லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லிலிட்டர், சுமார் 30 நிமிஷம் ஊறவைத்து, பிறகு நன்றாக அலச வேண்டும். எண்ணோடு 杯 என்று வந்தால் அது கோப்பைக் கணக்கு. கோப்பை என்றால் அந்த பாட்டிலின் மூடிதான், வீட்டுக் கோப்பை இல்லை.

லேபிள் சொல்லாதது

இவ்வளவும் லேபிளைப் பற்றிய உறுதி. பாட்டிலுக்குள் இருப்பது அதுதான் என்பதற்குப் படம் சாட்சி சொல்லாது. முன்னால் இருந்தவர் காலி பாட்டிலில் வேறெதையாவது ஊற்றி வைத்திருக்கலாம். மூடியின் முத்திரை உடைந்திருந்தது, திரவம் முக்கால் அளவு இருந்தது. முகர்ந்து பார்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். தெரியாத பாட்டிலை முகர்ந்து சோதிப்பது எனக்குச் சம்மதமில்லை.

எத்தனை நாள் பழசு என்றும் சொல்ல முடியவில்லை. அடியில் அச்சடித்திருந்தது தயாரிப்பு எண், தேதி இல்லை. அதை ஆண்டு மாதமாகப் பிரித்துப் படிக்க ஆசையாக இருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் தன் வழக்கப்படி எழுதுவதால் வெளியாள் ஊகித்துச் சொன்னால் தப்பாகத்தான் போகும். ஹைப்போகுளோரைட் நாள்பட நீர்த்துப்போகும் என்பதால் பழைய பாட்டில் சரியாக வெளுக்காமலும் போகலாம். பாத்திரம் கழுவ வேறு திரவம் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். 食器用 என்று போட்டிருக்கும், 液性 வரியில் 中性 இருக்கிறதா பாருங்கள் என்று எழுதி அனுப்பினேன்.

அரை மணி நேரம் கழித்து அடுத்த படம் வந்தது. அதே அலமாரி, பின்வரிசையில் இருந்த இன்னொரு பாட்டில். இந்த முறை ஃபிளாஷ் இல்லை, பின்பக்கக் கட்டம் சட்டம் நிறைய. “அக்கா, முந்தின பாட்டில்ல இருந்த அதே எழுத்து இதுலயும் இருக்கு. முன்னாடியும் அதே சிவப்பு எழுத்து. இதுவும் அதேதானா?”

அவர் வட்டமிட்டு அனுப்பிய எழுத்து 塩, உப்பு. முந்தின பாட்டிலில் அது 塩素 என்று இருந்தது: குளோரின். இதில் அடுத்த எழுத்து வேறு, 塩酸: ஹைட்ரோகுளோரிக் அமிலம், பக்கத்திலேயே 9.5% என்று போட்டிருந்தது. 液性 வரியில் 酸性. வகைப்பெயரில் トイレ用. முன்பக்கப் பெயர் サンポール, சன்போல், கழிப்பறைக்கான அமிலம். எச்சரிக்கை இரண்டிலும் ஒன்றேயாக இருந்ததற்குக் காரணம், எதோடு கலக்கக்கூடாது என்று ஒன்று சொல்கிறதோ அந்தப் பொருள் மற்றதுதான்.

முதல் பாட்டிலைச் சமையலறையிலேயே வைத்துவிட்டு, இரண்டாவதை மூடி இறுக்கிக் கழிப்பறை அலமாரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். கொண்டுபோய் வைத்துவிட்டு அதையும் படம் எடுத்து அனுப்பினார்.